பதினாலாம் கேள்விக்கு ஒரு கிரேஸ் மார்க்

ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. நாற்பது எடுத்தவர்களின் பெயர்தான் சனிக்கிழமை லண்டன் ஆஸ்பத்திரியின் நேர்காணலுக்குப் போகும். பாண்டிச்செல்வி விடைத்தாளை மூன்று தரம் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்பதுதான். பதினாலாம் கேள்வியில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது அந்த ஆங்கிலப் பயிற்சி மையம். வெளிநாடு போக நினைக்கும் நர்சுகள் காலை டூட்டி முடிந்து பஸ்ஸிலும் படகிலும் அடித்துப்பிடித்து வந்து, மதியம் இரண்டு மணிக்குக் கண் சொக்க உட்காருவார்கள். இந்த பாட்சில் பதினொரு பேர். பாண்டிச்செல்விக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் அவளுடைய தப்பு, வாயை மூடிக்கொண்டு போனாள். இந்த முறை அப்படியில்லை.

கேள்வி இதுதான்: நான் அறைக்குள் போனபோது நோயாளி தரையில் கிடந்தார் என்பதன் ஆங்கில வாக்கியத்தில் ‘கிடந்தார்’ என்ற இடத்தை நிரப்ப வேண்டும். அவள் ‘லே’ என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் ‘லெய்ட்’ என்று இருந்தது. விடைக்குறிப்பு, மையத்தை நடத்தும் ஹரிஷங்கர் சாரே தயாரித்துப் புத்தகமாகப் போட்டது. அட்டையில் அவர் படம்கூட உண்டு.

“சார், பதினாலு சரி. நீங்க தப்புன்னு போட்டிருக்கீங்க” என்றாள்.

ஹரிஷங்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “லே நிகழ்காலம். லெய்ட் இறந்தகாலம். போனபோதுன்னு கேள்வியிலயே இருக்கே, இறந்தகாலம் வேணும்தானே?”

“அது வேற லே சார். இங்க லை, அதாவது கிடக்கிறது. லைக்கு இறந்தகாலம்தான் லே.”

வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சூடானது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து உட்கார்ந்துவிடுபவளாக இருந்தால் மூன்றாவது முறை பணம் கட்டி வந்திருக்கவே மாட்டாள்.

இந்த ஒரு சொல்லை அவள் பட்டுத் தெரிந்துகொண்டவள். போன வருஷம் வார்டில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அவர் தரையில் கிடந்ததைப் பார்த்தேன் என்று எழுதப் போய், பதிவேட்டில் ‘லெய்ட்’ என்று எழுதிவிட்டாள். யாரோ அவரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள் என்று படிப்பவருக்குப் பட்டது. யார் கிடத்தினார்கள் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. பெரியவரின் மகன் வராந்தாவில் அவளை நிறுத்தி, அப்பாவைத் தரையில் போட்டது நீங்களா சிஸ்டர் என்று தணிந்த குரலில் கேட்டான். அந்தக் குரல் இன்னும் அவள் நெஞ்சில் இருக்கிறது. அன்றைக்கே அகராதியைப் புரட்டி இரண்டு வினைக்குமான ஆறு வடிவத்தையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். கிடப்பதற்கு லை, லே, லெய்ன். கிடத்துவதற்கு லே, லெய்ட், லெய்ட். புருஷன் வீரபாண்டி டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. டைல்ஸ் பதிப்பது லே, நேற்றுப் பதித்தது லெய்ட். பதித்துவிட்டு வந்து பாயில் விழுந்து கிடப்பது லை, நேற்றுக் கிடந்தது லே. இப்படி அவனை வைத்தே மனப்பாடம் செய்துகொண்டாள்.

“சார், உள்ளாற கிடக்கிறவரை யாரும் தூக்கி வைக்கல. அவரா கிடந்தாரு. ஒண்ணை எடுத்து வச்சாத்தான் லெய்ட். கிடந்தான், கிடத்தினான், இது ரெண்டும் நம்ம வாயில எப்பவாச்சும் மாறிருக்கா? மலையாளத்துலயும் மாறாது. இங்கிலீஷ்லதான் ஒருத்தனோட இறந்தகாலம் இன்னொருத்தனோட நிகழ்காலமா உக்காந்திருக்கு. போதாததுக்கு லேங்கிறதுல கடைசியில அந்த ‘ட்’ இல்ல. காதுக்கு முடிஞ்ச காரியம் மாதிரியே கேக்காது. அதனால எல்லாரும் லெய்ட்னு போட்டுடுறாங்க.”

“வெள்ளைக்காரனே அப்படித்தான் பேசறான்.”

“பேசட்டும் சார். வார்டு ரிப்போர்ட்ல எழுதினா நமக்குத்தான் மெமோ வரும்.”

ஹரிஷங்கர் கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டாயிரம் பிரதி அச்சடித்து வைத்திருப்பவர். அவர் பேனாவை எடுத்து, குரலைக் குழைத்துக்கொண்டார். “சரி. மூணாவது தடவை கஷ்டப்படறே. ஒரு கிரேஸ் மார்க் போட்டுத் தரேன். நாற்பதாயிடும். விடைத்தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

கையெழுத்து என்றால், இந்த மதிப்பெண்ணை ஒப்புக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே. பதினொரு தாளிலும் கையெழுத்து இருந்தால்தான் நர்சுகளை லண்டனுக்கு அனுப்பும் ஏஜென்சி பட்டியலை வாங்கும்.

“கிரேஸ் வேண்டாம் சார். என் மார்க்கைக் கொடுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல. தப்பா எழுதினவளுக்குத்தான் கிரேஸ். நான் சரியா எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட மாட்டேன்.”

பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மு அவள் முந்தானையை இழுத்தாள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, ஐந்து வருஷச் சிநேகிதம். அம்முவுக்குச் சரியாக நாற்பது. அவள் ‘லெய்ட்’ என்று எழுதியிருந்தாள்.

“செல்வி, வாங்கிக்கோடி” என்று காதோடு சொன்னாள். “நீயும் போலாம், நானும் போலாம். குறிப்பை மாத்தினா நேக்கு ஒரு மார்க் போயிடும். தெரியறதா?”

பாண்டிச்செல்விக்குத் தெரிந்தது. அதுவரை அவள் இதை நினைக்கவே இல்லை. வாங்கிக்கொண்டால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று ஒரு நிமிஷம் மனம் சரிந்தது. பிறகு வராந்தாவில் நின்ற அந்த மகன் நினைவுக்கு வந்தான். இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பேர் எத்தனை பதிவேட்டில் யாரைத் தரையில் கிடத்தப் போகிறார்களோ?

“உனக்காக வேற என்ன வேணா செய்யுறேன் அம்மு. இது மட்டும் முடியாது” என்றாள். பிறகு எழுந்து நின்றாள். “சார், உங்க கண்ணாடி அலமாரியில பெரிய அகராதி இருக்கே. எடுத்துப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா முப்பத்தொன்பதுக்கே கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிப் போயிடறேன்.”

அலமாரி பூட்டியிருந்தது. அது காட்சிக்கு வைத்த அகராதி. சாவியைத் தேட அவருக்கு வெகுநேரம் ஆனது. பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். பிறகு பேனாவை எடுத்து, தன் படம் போட்ட புத்தகத்தில் பதினாலாம் விடையை அடித்துத் திருத்தினார். பதினொரு தாளையும் மறுபடி திருத்தினார். ஒருவருக்குக் கூடியது, சிலருக்குக் குறைந்தது. நாற்பது என்ற கோட்டை மேலேயோ கீழேயோ தாண்டியவர்கள் இருவர்தான். பாண்டிச்செல்வி நாற்பது, அம்மு முப்பத்தொன்பது.

“அம்மு, என் புத்தகம் சொல்லித் தந்ததைத்தான் எழுதினே. உனக்கு நான் ஒரு கிரேஸ் மார்க்...” என்று ஹரிஷங்கர் ஆரம்பித்தார்.

அம்மு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரட்டும், வாங்கிக்கொள்ளட்டும் என்று பாண்டிச்செல்வி உள்ளுக்குள் கெஞ்சினாள். தனக்கு வேண்டாம் என்றதை அவளுக்காகக் கெஞ்சுவது நியாயமா என்று தெரியவில்லை.

“வேண்டாம் சார்” என்றாள் அம்மு. முப்பத்தொன்பதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. “அடுத்த பாட்ச்ல எழுதிக்கறேன். அதுக்குள்ள புஸ்தகத்தைத் திருத்திடுங்கோ.”

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். படகுத்துறை வரை அம்மு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். துறையடிச் சாயாக்கடை முன்னால் நின்றாள்.

“உன் மேல நேக்குக் கோபம்தான். இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“உங்க அடுப்படிச் சுவத்துல ஒட்டியிருக்கியே, அந்தத் தாள். நாளைக்கு டூட்டிக்கு வரச்சே அதைப் பிச்சுண்டு வா.”