மினுக்கினால் அணைக்கவும்

திண்டுக்கல்லில் இணைய இணைப்பு கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் ஜெஸ்ஸிக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. மணி பத்து இருபத்தைந்து. வடமதுரையிலிருந்து சுந்தரம்மாள் போனில் கொதித்துக்கொண்டிருந்தாள். மகள் கீர்த்தனாவுக்குப் பதினோரு மணிக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ. போன வாரம் பாதியில் நெட் அறுந்துபோய், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரண்டாவது வாய்ப்பு இது. இதுவும் போனால் வேலை போச்சு.

“நெட்டு பெட்டியில என்ன லைட்டும்மா எரியுது?”

“ஒண்ணும் எரியல. நாந்தான் அணைச்சுப்புட்டேன்.”

“ஏம்மா அணைச்சீங்க?”

“மினுக்குச்சே! நீங்க ஒட்டிட்டுப் போன தாள்ல தமிழ்ல அப்படித்தானே போட்டிருக்கு, ‘விளக்கு மினுக்கினால் அணைத்து மறுபடி போடவும்’னு. போன இன்டர்வியூவுலகூட ஓடிப்போயி அணைச்சேன்.”

அந்தத் தாளைத் தமிழில் எழுதியவளே ஜெஸ்ஸிதான். ஆங்கிலக் குறிப்பில், லைன் வருவதைக் காட்டும் ‘பான்’ (PON) என்ற இரண்டாவது விளக்கு விடாமல் மினுக்கினால் மட்டும் அணைக்கச் சொல்லியிருந்தது. பான் என்றால் யாருக்குத் தெரியும் என்று பெரிய மேதாவி மாதிரி அந்தச் சொல்லை வெட்டிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இப்போது சொன்னால் அந்த அம்மா கத்தியே நேரம் போய்விடும். முதலில் நெட் வரட்டும்.

“சுவிட்சைப் போடுங்க. நாலு நிமிசம் தொடாதீங்க.”

நாலு நிமிடமா அது! நாலு யுகம்.

“மொதலாவது பச்சையா நிக்கிது. ரெண்டாவது மினுக்கி மினுக்கி இப்பப் பச்சையா நின்னுருச்சு. செவப்பு எதுவும் இல்ல. கடைசி மினுக்குது, அணைக்கட்டா?”

“ஐயையோ, வேணாம்மா! அது வைஃபை விளக்கு. நெட்டு ஓடுனா மினுக்கத்தான் செய்யும். செவப்பு இல்லேன்னா லைன் நல்லாருக்கு.”

கீர்த்தனா போனைப் பிடுங்கினாள். “அக்கா, ரூம்ல வேகம் ரெண்டு எம்.பி.தான் காட்டுது.”

“பெட்டிகிட்டப் போயிப் பாரு.”

“நாப்பது!”

“அப்ப நடுவுல என்னமோ மறைக்குது. பெட்டி எங்க இருக்கு?”

“பீரோவுக்குப் பின்னாடி.”

“இரும்பு பீரோவா? அது சிக்னலை விடாது. ஒயர் எட்டுற வரைக்கும் வெளிய இழுத்து ஸ்டூல்ல வை. மெல்லிசு கேபிளை மடக்கிராத. டிவியில நெட்டு ஓடுதா? நிப்பாட்டு.”

பத்து ஐம்பத்திரண்டு. “முப்பது வருதுக்கா!” என்று கத்திவிட்டு அவள் லேப்டாப்புக்கு ஓடினாள்.

பதினோரு மணி ஆகப்போகையில் சுந்தரம்மாள் மறுபடி போனை எடுத்தாள். “அந்தத் தாளை எழுதுன எடுபட்டவன் மட்டும் எங்கையில கெடைச்சான்...”

ஜெஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். “எழுதுனது நாந்தாம்மா. தப்பு என் மேலதான். எந்த விளக்கு மினுக்குனாலும் அணைக்கணும்னு இல்ல. ஒரு விளக்குக்குச் சொன்னதை மொத்தத்துக்கும் எழுதிப்புட்டேன்.”

போன் வழியே, உள்ளே கீர்த்தனா இங்கிலீஷில் வணக்கம் சொல்வது கேட்டது.

“ஏ புள்ள,” என்றாள் சுந்தரம்மாள், குரலைத் தாழ்த்தி. “உன்ன அப்பறம் வச்சுக்கிறேன். இப்பப் போனை வைக்காத. அது கண்ணு முன்னாடி மினுக்குறப்ப எனக்குக் கை துறுதுறுங்குது. அவ பேசி முடிக்கிற வரைக்கும் ‘தொடாத, தொடாத’ன்னு சொல்லிக்கிட்டே இரு.”

“தொடாதீங்கம்மா,” என்றாள் ஜெஸ்ஸி. “தொடாதீங்க.”