முதலில் இடம், பிறகு பொத்தான்

எங்கள் மேலாளருக்கு ஆலையில் வைத்த பெயர் ‘அவசரம்’. அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் வாசலில் அவர் கார் நுழைந்ததும் “அவசரம் வந்தாச்சு” என்ற சேதி கடைசிக் கொட்டகை வரை போய்விடும். அவருக்குத் தமிழும் தெரியாது, சீனமும் தெரியாது. எல்லாம் ஆங்கிலம்தான்.

பிளாஸ்டிக் சுருளுக்குப் பசை பூசும் புது இயந்திரங்கள் சீனாவிலிருந்து இரண்டு வரிசையாக வந்து இறங்கியிருந்தன. அவற்றை ஓட்டிக் காட்ட ஒரு சீனப் பொறியாளரும் கூடவே வந்திருந்தார். தடித்த கண்ணாடி போட்ட மனிதர், அதனால் எல்லாருக்கும் அவர் ‘கண்ணாடி’. கட்டுப்பாட்டு அறையில் பலகைக்கு முன்னால் அவர் உட்காருவார், பக்கத்தில் நான். மேலாளர் கீழே தளத்தில் நின்று ரேடியோவில் ஆங்கிலத்தில் சொல்வதை நான் சீனத்தில் சொல்ல வேண்டும். இதுதான் என் பிழைப்பு.

அந்தப் பலகையில் வரிசைகள் இரண்டானாலும் பொத்தான் ஒரே ஒரு பச்சைப் பொத்தான்தான். முதலாம் வரிசையா இரண்டாம் வரிசையா என்பதை ஒரு குமிழைத் திருப்பித் தேர்ந்தெடுக்க வேண்டும். பசைத் தொட்டிகளுக்கும் இதே ஏற்பாடுதான். இதை வடிவமைத்த புண்ணியவானை நான் பார்த்ததில்லை. பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

ஒரு நாள் காலையில் மேலாளர் என் மேல் பாய்ந்தார். தான் பேசி முடிக்கிறவரை நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேனாம், பிறகுதான் சாவகாசமாகத் தொடங்குகிறேனாம். சாயங்காலம் முதலாளிகள் பார்க்க வருகிறார்கள், இந்த மந்தம் ஆகாது. இனி அவர் ஒரு வார்த்தை சொன்னால் நானும் உடனே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு வேறு ஆள்.

விளக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் செயல் முதலில் வந்துவிடும். எங்கே, எப்போது என்பதெல்லாம் பின்னால் ஆடி அசைந்து வரும். சீனத்தில் அப்படியில்லை. எப்போது, எங்கே, அப்புறம்தான் செயல். நம் தமிழ் மாதிரியேதான்: ‘மதியம் இரண்டாம் வரிசையில் ஓட்டு’ என்கிற அதே ஒழுங்கு. அதனால் ஆங்கில வாக்கியத்தின் வால் வரும்வரை நான் தலையைத் தொட முடியாது. அவர் கையை உதறினார். இலக்கணப் பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

எனக்கும் ரோஷம் வந்தது. சரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

“ஓப்பன் த வால்வ்…” என்று ரேடியோ சொன்னதும் “வால்வைத் திற” என்று சீனத்தில் சொன்னேன். கண்ணாடி திறந்துவிட்டார். “…ஆன் டேங்க் டூ, ஆஃப்டர் த பம்ப் ஸ்டாப்ஸ்” என்று மீதி வந்தபோது, குமிழ் காட்டிய ஒன்றாம் தொட்டியிலிருந்து பசை தளமெல்லாம் ஓடி மேலாளரின் பளபள காலணியை எட்டியிருந்தது.

கண்ணாடி பதறிப்போய் என்னைப் பார்த்தார். “நீங்கள் சொல்லி முடித்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்?” என்றார். அவர்மேல் என்ன குற்றம்? இடம் சொல்லாமல் செயலைச் சொன்னால், இப்போது இருக்கிற இடத்தில் செய் என்றுதானே எடுத்துக்கொள்வார்?

அதற்கப்புறம் அவர் கைகளையே கவனித்தேன். நான் நேரத்தைச் சொல்லும்போது அவர் தலை சுவரில் இருக்கும் கடிகாரத்தையோ எச்சரிக்கை மணியையோ நோக்கித் திரும்பும். இடத்தைச் சொல்லும்போது இடது கை குமிழைத் திருப்பும். செயல் காதில் விழும்போது வலது கை பொத்தானை அழுத்தும். அவர் மொழியின் ஒழுங்கும் கைகளின் ஒழுங்கும் ஒன்றுதான். இது தெரிந்ததும் என் ரோஷம் எங்கோ போய்விட்டது, பயம் வந்தது.

மதியம் முதலாம் வரிசையில் சுருள் சிக்கிக்கொண்டது. இதே ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டரான என் தம்பி உள்ளே போனான். போவதற்கு முன் ரேடியோவில் சிரித்தான்.

“அக்கா, முதல் வரிசைக்குள்ள போறேன். கரண்ட் வராம தடுக்கிற பூட்டு இன்னும் வரலையாம், ‘ஓட்டாதே’ன்னு சிவப்பு அட்டை மட்டும் தொங்குது. உன் கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லி வை.”

சொன்னேன். கண்ணாடி தலையாட்டினார். ஆனால் குமிழ் காலையிலிருந்து முதலாம் வரிசையிலேயே நின்றது. அதை மாற்றச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ரேடியோ கரகரத்தது.

“ஸ்டார்ட் த ரோலர்ஸ்…”

அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல்.

கண்ணாடிக்கு ஆங்கிலத்தில் தெரிந்த சில சொற்களில் ‘ஸ்டார்ட்’டும் ஒன்று. வலது கை எழுந்து பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. என்னைப் பார்த்தார். என் உதட்டில் சீனச் சொல் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது: காய் ஜி, இயந்திரத்தை ஓட்டு. இரண்டே அசை. சொன்னால் என் வேலை தப்பும், தம்பி தப்ப மாட்டான்.

வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன்.

“ஸ்டார்ட், ஐ செட்!” ரேடியோ அலறியது. “வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?”

“வேர், சார்? வென்?” என்று கேட்டேன். பதிலுக்குத் திட்டுதான் வந்தது. என் பெயரையும் என் படிப்பையும் சேர்த்துத் திட்டினார். முதலாம் வரிசையில் ஆள் இருப்பதைச் சொல்லத் தொடங்கினேன், அவர் திட்டு அதை விழுங்கிவிட்டது. மறுபடியும் கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கண்ணாடியின் நெற்றியில் வியர்வை பொடித்தது. தூக்கிய கையை அவர் இறக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

கடைசியில் மேலாளர் ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பினார். “ஆன்… லைன்… டூ. வென் த பெல் ரிங்ஸ்!”

அப்போதுதான் மூச்சு விட்டேன். சீனத்தில் நிதானமாகச் சொன்னேன்: “மணி அடிக்கும்போது…” கண்ணாடியின் தலை மணியை நோக்கித் திரும்பியது. “இரண்டாம் வரிசையில்…” இடது கை குமிழைத் திருப்பியது. ‘டக்’ என்று அது இரண்டில் போய் நின்றது. “காய் ஜி.” மணி அடித்தது. இரண்டாம் வரிசை உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

மேலாளர் படியேறி அறைக்குள் நுழைந்தார். ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு நேரமா என்று கத்தத் தொடங்கினார். நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கையைக் காட்டினேன். ஓடாமல் நின்ற முதலாம் வரிசையின் உருளைகளுக்கு நடுவிலிருந்து என் தம்பி ஒரு கையை எடுத்தான், பிறகு தலையை எடுத்தான், பிறகு முழுசாக வெளியே வந்தான். மேலாளரின் வாய் திறந்தபடியே நின்றது. சிவப்பு அட்டையை அவர் அப்போதுதான் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

நான் படியிறங்கி ஓடினேன். தம்பி கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

“ரேடியோ இடுப்புலதான் இருந்துச்சு அக்கா” என்றான். “அவரு ரெண்டு தடவ ‘ஸ்டார்ட்’னாரு. கை உள்ள மாட்டியிருந்துச்சு, இழுக்க வரல, ரேடியோவையும் எட்ட முடியல. அடுத்தது நீ சீனத்துல சொல்றதுதான் பாக்கி. சொல்லிடக்கூடாது, சொல்லிடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்.”

அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். பசை பிசுபிசுத்தது, சூடாக இருந்தது. விட மனம் வரவில்லை.