புள்ளிக்கு இரண்டாயிரம்

குலதெய்வத்துக்கு ஆண்டுதோறும் நடத்தும் அபிஷேகச் செலவை, திருமணமான ஒருவருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில், பங்காளிகள் ஆறு பேரும் சமமாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். இவ்வாண்டு அன்னதானத்தையும் சேர்த்துச் செலவு அறுபதாயிரம். கடையை மூடிவிட்ட சோலையப்பனால் பத்தாயிரம் கொடுக்க இயலாது. அவனுக்கு மட்டும் குறைத்தால் அவமானமாக எண்ணிக் கோயிலுக்கே வரமாட்டான். ஆகவே பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் தயக்கத்துடன் எழுதினேன்: “வெளிநாட்டில் இருக்கும் மூவரும் அன்புகூர்ந்து ஆளுக்கு இரண்டு புள்ளி தர இயலுமா?”

சிங்கப்பூரிலிருந்து வயிரவன் உடனே அழைத்தான்.

“அண்ணே, எனக்கு எதுக்கு ரெண்டு புள்ளி? ரெண்டு பொண்டாட்டியா இருக்கு?”

“சோலைக்காகத்தாம்ப்பா.”

“அது தெரியுது. புள்ளியில கை வைக்காதீங்க. அன்னதானம் நாப்பத்தெட்டாயிரத்தையும் நாங்க மூணு பேரும் வேண்டுதலா செஞ்சுடுறோம். மிச்சத்தை ஆறாப் பிரிங்க.”

முதற்செய்தியை அழித்துவிட்டு, புள்ளிக்கு இரண்டாயிரம் என்று எழுதினேன். முதல் பதில் சோலையப்பனுடையது.

“அனுப்பிட்டேண்ணே. அபிஷேகத்துக்கு முந்தின நாளே வந்துடுறேன்.”

வயிரவனுக்குத் தனியாக நன்றி எழுதி அனுப்பினேன்.