கோஸ்தான் அடித்து வந்த லாரி

“கோலா தெர்லாவுலேர்ந்து தானா ராத்தா வரைக்கும் லாரிய கோஸ்தான் அடிச்சே கொண்டாந்தவன் நான். ரிவர்ஸ்லயே, பின்னாடியே போனேன்லா! எதுக்க வந்த கார்க்காரன் எல்லாம் தலை சுத்தி வாந்தி எடுத்தான்!”

கிழவர் நல்லுசாமியின் இந்தப் பேச்சைத்தான் யோகேஸ்வரி தோட்ட மக்களின் பேட்டி நூலுக்காக எழுத்தில் இறக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. கோயில் மண்டபத்துக்குள் அவளும், கிழவரும், நூல் குழுச் செயலாளர் குகனேஸ்வரனும் சுண்டெலிகள் போல மாட்டிக்கொண்டார்கள். அச்சகத்துக்கு மாலைக்குள் பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். கிழவர் சரி என்று சொல்லாமல் அவர் பேட்டி நூலில் ஏறாது.

அவள் எழுத்துத் தமிழில் துப்புரவாகத் திருத்தியதைப் படித்துக் காட்டினாள்.

“யாரும்மா இவன்? ரேடியோவுல செய்தி வாசிக்கிறவனா? நான் இல்ல. போடாதே.”

சொன்னது சொன்னபடி எழுதியதைப் படித்தாள். “அது வந்து, கியர்பாக்ஸ் வந்து, வந்து, செத்துருச்சு, கோஸ்தான் மட்டும் வந்து...”

“ஐயையோ! இத்தன ‘வந்து’ எங்கேர்ந்து வந்துச்சு? மானம் போயிரும். இதையும் போடாதே!”

“அந்தப் புளுகையே வெட்டிடு யோகேசு, ரெண்டு பேரும் பொழச்சோம்” என்றார் குகனேஸ்வரன். “பிரசவ வலியில இருந்த இராசம்மாவ ஏத்திக்கிட்டு, ரிவர்ஸ்லயே ஆஸ்பத்திரிக்கா? எந்தப் பைத்தியம் நம்பும்?”

முன்னால் கிழவர், பின்னால் செயலாளர், நடுவில் கடிகாரம். யோகேஸ்வரி காதில் ஒலிக்கருவியை மாட்டி, பதிவை மறுபடி கேட்டாள். ‘வந்து’க்கள் நாக்கு வழி தேடிய இடங்கள், போகட்டும். பாதியில் அறுந்த வாக்கியங்களும் போகட்டும். ‘லா’ அவர் நக்கலடிக்கும் இடம், இருக்கட்டும். ‘கோஸ்தான்’ இருந்தே ஆகவேண்டும். அப்புறம் ஓரிடத்தில் நின்றாள். மூன்று முறை வந்த ‘லாகி’ என்ற மலாய்ச் சொல்லை வீண் என்று ஒன்றாக்கியிருந்தாளே, அங்கே கிழவரின் குரல் தடுமாறவில்லை, ஏறிக்கொண்டே போனது. அது அவர் பேச்சே இல்லை. டார்ச்சோடு லாரிக்குப் பின்னால் நடந்த இராசம்மா புருஷன் கருப்பையாவின் கூவல். மூன்றையும் திரும்ப வைத்தாள்.

“கியர்பாக்ஸ் செத்துருச்சு. கோஸ்தான் மட்டுந்தான் விழுது. பனியில ஒண்ணுந் தெரியல. பின்னால கருப்பையா கத்துறான்: லாகி... லாகி... லாகி! இன்னும் வா, இன்னும் வான்னு. அவன் குரலப் புடிச்சிக்கிட்டே போனேன்லா.”

“ஹா! இவன் நான்தான்!” கிழவர் தொடையைத் தட்டினார். “அனுப்பு!”

குகனேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர் அவர் கையிலேயே ஆறியது.

“அண்ணே, அப்ப எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. ரோட்டோர லயத்து வீட்டுல படுத்திருந்தேன். லாகி, லாகின்னு ஒரு குரல் எங்க வாசலத் தாண்டி ரொம்ப நேரம் போச்சு. காய்ச்சல்ல காது கத்துதுன்னு போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்.” தேநீரைக் கீழே வைத்தார். “நடந்துச்சுண்ணே. நெசமாவே நடந்துச்சு.”