மூக்கு மட்டும் சரியாக வந்தது

பேக்கரிக்காரர் தன் மனைவியோடு அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, லேபிள் வடிவமைக்கும் பெண்ணுக்கு வேலை சுலபம் என்றுதான் தோன்றியது. புது பிஸ்கட் பாக்கெட்டில் அவர் முகம் கார்ட்டூன் மாதிரி சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"போட்டோவை ஏத்துனா கம்ப்யூட்டரே வரைஞ்சு குடுத்துடும்ல?" என்றார் அவர்.

"இங்க வாங்கி வச்சிருக்கிற படம் வரையற ஏஐ டூல்ல போட்டோ ஏத்த வழியே இல்ல சார். எழுதிதான் சொல்லணும். அது படிச்சுட்டு வரையும்."

"எழுதி என் முகத்தையா?" அவர் மனைவியைப் பார்த்தார். "சொல்லேன், இருபத்தஞ்சு வருஷமா பாக்குற."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "நல்ல முகம். அன்பான முகம்."

வடிவமைக்கும் பெண் அதை அப்படியே தட்டினாள். திரையில் ஷேவிங் க்ரீம் விளம்பரத்தில் வருகிற ஆள் ஒருவன் பல்லைக் காட்டினான். பேக்கரிக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இதையே வச்சுக்கலாமே!"

"யாருங்க இது? நம்ம கடைக்கு வந்தா கல்லாவைத் தொடவே விட மாட்டேன்," என்றாள் மனைவி.

"நல்லது, அன்புன்னு சொன்னா, எல்லாருக்கும் பொதுவா ஒரு அழகனைக் குடுத்துடுதுக்கா," என்றாள் அந்தப் பெண். "வடிவம் சொல்லணும். நெத்தி எப்படி, காது எப்படின்னு."

அதன் பிறகு அம்மாள் கணவனை முதல்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். அகலமான நெற்றி. முன்பக்கம் ஏறிப்போன முடி. நுனியில் உருண்ட மூக்கு. முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி. வெளியே விரிந்த காது. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க பேக்கரிக்காரர் நாற்காலியில் சரிந்துகொண்டே போனார்.

"மீசை கிடையாது, அதையும் எழுதிக்கோ," என்றார், மிச்சமிருந்த மானத்தோடு.

எழுதினாள். அடுத்த படத்தில் கயிறு திரிக்கலாம் போல ஒரு மீசை வந்தது.

"மீசை வேணாம்னுதானே சொன்னேன்!"

"மீசைங்கற வார்த்தையப் பாத்ததும் சில சமயம் போட்டுடும் சார். இல்லாததைச் சொல்லக் கூடாது, இருக்கறதைத்தான் சொல்லணும்." அந்த வார்த்தையை அழித்துவிட்டு, 'வழுவழுப்பாகச் சிரைத்த மேலுதடு' என்று மாற்றினாள்.

இந்த முறை ஒரு முகம் வந்தது. உருண்ட மூக்கு, விரிந்த காது, பல் இடைவெளி எல்லாம் கச்சிதம். அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க... இது உங்க அண்ணன்!"

பேக்கரிக்காரரின் முகம் இறுகியது. அண்ணனும் தம்பியும் ஒரே அடுப்பில் வேலை செய்தவர்கள். ரொட்டிக்கு எந்த மாவு என்று தொடங்கிய சண்டை வேறு எங்கெங்கோ போய், அண்ணன் தனிக்கடை போட்டுவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"என் பாக்கெட்ல அவன் சிரிக்கறதா? மாத்து!"

"மாத்தணும்னா, ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு தெரியணும் சார். இதுல எழுதினது எல்லாம் ரெண்டு பேருக்குமே பொருந்துது போல."

அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "அவன் புருவம் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும். எனக்கு ஓரத்துல சரியும். அவன் சிரிச்சா வாய் வலதுபக்கம்தான் போகும், கண்ணு சிரிக்காது, யோசிச்சிட்டே இருக்கும். மாவு பிசையும்போது கீழுதட்டைக் கடிச்சுப்பான். தாடையில ஒரு சின்னத் தழும்பு, சின்ன வயசுல நான் தள்ளி விட்டதுல வந்தது..."

தன் முகத்தைச் சொல்லத் திணறியவர், அண்ணன் முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று சொன்னார். அவள் தட்டுவதையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் அதற்கு நேர்மாறாக எழுதினாள்: ஓரம் சரிந்த புருவம், சிரிப்பில் சுருங்கிப்போன கண், வாய் இரண்டு பக்கமும் விரிந்து. ஒரு சொல்லை மாற்றினால் முகம் முழுதுமே கொஞ்சம் நழுவியது; மறுபடி மறுபடி முயன்றாள். ஒன்றில் கன்னம் உப்பியது, இன்னொன்றில் வயசு கூடியது. கடைசியில் வந்தது அவரே என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் இல்லை என்றும் சொல்ல முடியாது.

"முக்கால்வாசி நீங்கதான்," என்றாள் மனைவி. "எனக்குப் போதும்."

அவர் தலையாட்டினார். கிளம்புகிறவர் மாதிரி எழுந்தவர், அப்படியே நின்றார். "அண்ணன் மாதிரி வந்த அந்த முந்தின படம் இருக்கா? என் போனுக்கு அனுப்பு."

அனுப்பினாள். அவர் அதை யாருக்கோ அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய லேபிள் மாதிரிகளை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். தலைகீழாகத் தொங்கிய ஒன்றைக் கவனிக்காமலே படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்ததும் பேசுகிறவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டேய்! யாருடா என்னை இவ்வளவு கிழவனா வரைஞ்சது?"

பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். "கம்ப்யூட்டர்ணே."

"காது இவ்வளவு பெருசா எனக்கு? அது உன் காதுடா!"

"ரெண்டு பேருக்கும் ஒரே காதுதாண்ணே."

"எங்க இருக்க? நம்ம லேபிள் போடற அச்சகத்துலதானே? இரு, நான் வந்து சொல்றேன்."

பேக்கரிக்காரர் அவசரமாக அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்தப் படத்தை மூடிடாத. இன்னொரு நாற்காலி இருக்கா?"