அப்பாத்துரை சாரின் ஏலே

நாலாவது தலைப்பும் போச்சு. பெருமாள்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆய்வுத் தலைப்பை இன்று சாயங்காலத்துக்குள் வழிகாட்டியின் கையெழுத்தோடு துறையில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு செமஸ்டர் வீண். வழிகாட்டி அப்பாத்துரை சாரோ எதைக் கொண்டுபோனாலும் உதட்டைப் பிதுக்குகிற மனுசன்.

தமிழ்ச் செய்திகளை அரசியல், சினிமா, விளையாட்டு என்று பிரிக்கிற கம்ப்யூட்டர் மாடல் தொண்ணூற்றெட்டு சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று காலையில் ஓடிப்போய்ச் சொன்னான். சார் டேட்டாவைத் துழாவினார்.

"பழக்குன செய்தியே சோதிக்கதுலயும் கெடக்கு. படிச்ச கேள்வியே பரீட்சைக்கு வந்தா எவம்லே பெயிலாவான்?"

சரிதான். சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

லேபுக்கு வந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்த உரிமம் தந்திருந்த இன்னொரு தொகுப்பை இறக்கினான். வீடியோக்களுக்கு வந்த தமிழ்க் கமெண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 'வசை', 'வசை இல்லை' என்று ஆட்கள் லேபிள் போட்டிருந்தார்கள். ஒரு சின்ன மாடலைப் பழக்கி முடித்தபோது சாரிடமிருந்து மெசேஜ்: "ஏலே, எங்கலே போய்த் தொலைஞ்ச? சாப்ட்டியா இல்லியாலே?"

இருந்த கடுப்பில் அதையே மாடலுக்குக் கொடுத்தான். வசை என்றது, தொண்ணூற்றாறு சதவீதம் நிச்சயமாம்.

அட கொடுமையே! தொகுப்பில் 'ஏலே' வருகிற கமெண்டுகளைத் தேடினான். "ஏலே மக்கா, கலக்கிட்ட" என்பதற்குக்கூட வசை என்றே லேபிள். போட்டவர்கள் எந்த ஊர் என்று குறிப்பில் இல்லை. 'ஏலே' என்று பாசமாகக் கூப்பிடுகிற நெல்லைக்காரன் ஒருத்தன்கூட இருந்திருக்க மாட்டான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சார் திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"நான் வைஞ்சனாம்லா? சரி, ஒரு மெசேஜை வச்சு என்ன ஆய்வு பண்ணுவ?"

"நம்மூர்க்காரங்க மூணு பேரு தனித்தனியா லேபிள் போடட்டும் சார். பழைய லேபிளுக்கு ஒரு மாடல், புதுசுக்கு ஒண்ணு. நம்ம பேச்சுல எது எத்தனை தடவ நல்லத வசைங்குதுன்னு பாப்போம்."

"மூணு பேரும் ஒத்துப்போகலன்னா?"

"எவ்வளவு ஒத்துப்போறாங்கங்கதையும் கணக்குப் போட்டுச் சொல்லிருவேன் சார்."

"பழக்கதும் சோதிக்கதும்?"

"வேற வேற சார். சத்தியமா!"

சார் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நன்றி, பெருமாள்ராஜ். நீங்க போகலாம்."

'நீங்க'வா? இரண்டு வருசத்தில் சார் அவனை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாசலில் நின்றபடியே அந்த வரியை மாடலில் தட்டினான். வசை இல்லை, தொண்ணூற்றொன்பது சதவீதம். நாசமாய்ப் போக!

திரும்பி உள்ளே போனான். "சார்... கோவமா?"

"பின்ன? என்னைய வசைக்காரன்னுட்டேல்லா." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலே, போய் மொதல்ல சாப்பிடுலே."

அப்போதுதான் பெருமாள்ராஜுக்குப் பசித்தது.