இன்னும் வராத நாளை

அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகும் பஸ்ஸில் அன்று காலை நல்ல கூட்டம். முன்சீட்டில் இடம் கிடைத்த ஜெயசித்ரா டீச்சருக்கு, பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி ஒன்று வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். புதிதாக ஏதாவது கிடைக்காதா என்று யோசித்தபோது, பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"நாளைக்கு எங்கப்பா என்னைத் திருப்பூர் கூட்டிட்டுப் போறாருடி. என் புக்கையெல்லாம் நீயே வச்சுக்க."

காலம், ஆள், நாள் மூன்றும் மாற வேண்டிய பேச்சு. கேட்ட மாத்திரத்தில் டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது. யார் பேசியது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

முதல் பீரியடிலேயே மீனா, ராணி என்று பேர் போட்டு அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதினார்.

"மீனா சொன்னதை இப்ப நாம சொல்றோம். அதனால 'மை ஃபாதர்' என்ன ஆகும்?"

"ஹெர் ஃபாதர்!"

"'இஸ் டேக்கிங் மீ'?"

"வாஸ் டேக்கிங் ஹெர்!"

"'டுமாரோ'?"

"தி நெக்ஸ்ட் டே!"

"புக்கை வச்சுக்கன்னு சொன்னதுக்கு 'ஆஸ்க்டு' போட்டு, 'டு கீப்'னு எழுதணும்."

கடைசி பெஞ்சிலிருந்து பிரசாத் கத்தினான். "டீச்சர், புக்கு போயிட்டா மீனா ஜாலிதான்! ஹோம்வொர்க் கிடையாது!"

வகுப்பு சிரித்தது. மஞ்சு மட்டும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்த நாளு இன்னும் வரலைன்னா? அப்பவும் நெக்ஸ்ட் டேதானா?"

"இன்னைக்குச் சொன்னதை இன்னைக்கே சொன்னா டுமாரோன்னே வைக்கலாம். பரீட்சையில மாத்திடணும்."

"அப்ப மாத்தாதீங்க டீச்சர். இன்னும் நாளைக்குதான்."

பக்கத்தில் சிவரஞ்சனி டெஸ்க்கில் முகம் கவிழ்த்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

பஸ்ஸில் கேட்டது அவள் குரல்தான் என்று புரிந்ததும் ஜெயசித்ராவின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. சுற்றுலா போகிற பிள்ளை புத்தகத்தைக் கொடுத்துவிட்டா போகும்? கடவுள் காதைக் கொடுத்தார். அதில் விழுந்ததை வெறும் இலக்கணப் பயிற்சியாக எண்ணிக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு உடம்பு கூசியது. கரும்பலகையை அழித்தார்.

சாயங்காலம் இரண்டு பிள்ளைகளோடும் சிவரஞ்சனி வீட்டுக்குப் போனார். தாயில்லாத வீடு. தகப்பன் செல்லமுத்து, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர், திருப்பூருக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். எனக்கு மட்டும் ஆசையா? ராத்திரி லோடு ஏத்தப் போனா விடியத்தான் வரேன். வயசுப் பொண்ணை ஒத்தையா வூட்டுல விட்டுட்டு எப்படிப் போறது? அங்க எந்தங்கச்சி இருக்கு. பனியன் கம்பெனியில அதுகூட வேலைக்குப் போவா."

"அவ என்ன நினைக்கிறான்னு கேட்டீங்களா?"

"உங்ககிட்ட ஏதும் சொன்னாளா?"

அவள் படிக்க விரும்புவதாகச் சொன்னாள் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். உண்மையில் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அழத்தான் செய்தாள்.

"நான் சொன்னா அது என் பேச்சா ஆயிடுங்க. நீயே சொல்லும்மா."

சிவரஞ்சனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலே, "நான் படிக்கணும்ப்பா" என்றாள். "எனக்கு அத்தை வூடு வேணாம்."

செல்லமுத்து பையின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

வாசலில் வந்து நின்ற மஞ்சுவின் அம்மா வேம்பு, "ஏண்ணே, எதுத்தாப்புல நான் ஒருத்தி செத்தா போயிட்டேன்?" என்றாள். "ராத்திரிக்கு மஞ்சு கூடப் படுத்துக்கட்டும். ஒரு பாயி விரிக்க எடமா இல்ல?"

"இன்னைக்கு சரிங்குவ. நாளைக்கு ஊரு நாலு பேசுமே தங்கச்சி?"

"பேசுற வாயி வந்து காவலா இருக்கட்டும்."

அவர் மறுபடியும் கயிற்றை இறுக்கினார். டீச்சர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் வரும்வரை, தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டார்.

மறுநாள் காலை பிள்ளைகளின் ஊரில் பஸ் நின்றபோது, மஞ்சு மட்டும்தான் ஏறினாள். ஜெயசித்ரா நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

"அவ எங்கம்மா?"

"எங்க வூட்டுலதான் தூங்குனா டீச்சர். தண்ணி புடிச்சு வச்சிட்டு அடுத்த பஸ்ல வரா."

"அவங்கப்பா?"

"விடியகாலையிலயே வந்துட்டாரு. பரீட்சை வரைக்கும் பாக்கலாம்னு எங்கம்மாகிட்ட..."

"அவர் சொன்னதை அப்படியே சொல்லு. எதையும் மாத்தாத."

மஞ்சு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆண்குரலில் சொன்னாள். "'பரீட்சை முடியுறவரைக்கும் எம்பொண்ணை உன்னை நம்பித்தான் விடுறேன் தங்கச்சி. அப்புறம் என்னமோ, எனக்குத் தெரியல.'"

பரீட்சைக்குப் பிறகு என்ன என்று ஜெயசித்ராவுக்கும் தெரியவில்லை. மஞ்சுவின் மடியிலிருந்த பையைப் பார்த்தார். பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அவ புக்கெல்லாமா?"

"ஆமா டீச்சர். திருப்பிக் குடுக்கணும். கனம் தாங்கல."

டீச்சர் அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.